டெலிவரி சலானும் வாக்குத் தேதியும்: ஜாப் ஒர்க் வெண்டர்களுக்கு மாத மதிப்பெண் அட்டை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூர் பகுதியின் பம்ப் தொழிற்சாலைகள் பல, வார்ப்புகளைத் தாங்கள் வாங்கி, கடைசல், துளையிடல் போன்ற மெஷினிங் வேலைகளுக்கு வெளியே உள்ள பட்டறைகளுக்கு அனுப்பித் திரும்பப் பெறுகின்றன. இந்த ஜாப் ஒர்க்கில் சரக்கு போவதும் வருவதும் டெலிவரி சலானில், சுருக்கமாக டி.சி.யில்தான் நடக்கிறது. அந்தச் சலான்களையும் பட்டறைக்காரர் ஒப்புக்கொண்ட வாக்குத் தேதிகளையும் கொண்டு, மாதந்தோறும் அவர்களுடைய டெலிவரிக்கு மதிப்பெண் போடும் முறை குறித்து, கொள்முதல் பிரிவிலும் ஸ்டோர்ஸிலும் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

எங்களிடம் டி.சி. கோப்பு முழுமையாக இருக்கிறது. அதை வைத்தே எத்தனை சரியான நேரத்தில் வந்தது, எத்தனை தாமதம் என்று எண்ணிவிடலாம்தானே?

எண்ணலாம், ஆனால் கிடைக்கும் விடை உண்மையைவிட அழகாக இருக்கும். சலான் என்பது வந்த சரக்குக்கான சான்று. வராத சரக்குக்குச் சலான் கிடையாது. 27ஆம் தேதி வர வேண்டிய 250 இம்பெல்லர்கள் மாத முடிவு வரை வரவில்லை என்றால், டி.சி. கோப்பைப் புரட்டுபவருக்கு அப்படி ஒரு பாக்கி இருப்பதே தெரியாது. அசெம்பிளியை நிறுத்திய மிக மோசமான தவறு கணக்கிலேயே ஏறாமல் போகும். இரண்டு நாள் தாமதமாகக் கொண்டுவந்தவர் மட்டும் பிடிபடுவார்.

ஆகவே மதிப்பெண்ணின் அடித்தளம் டி.சி. பட்டியல் அல்ல, ஷெட்யூல் பட்டியல். இந்தப் பொருள், இத்தனை எண்ணிக்கை, இந்தத் தேதிக்குள் என்று வெண்டர் ஒப்புக்கொண்ட ஒவ்வொன்றும் ஒரு ஷெட்யூல். எந்த மாதத்தில் அதன் தேதி விழுகிறதோ, அந்த மாதத்தின் கணக்கில் அது சேரும். சரக்கு எப்போது வந்தது என்பது மாதத்தைத் தீர்மானிக்கக் கூடாது. ஜூன் மாத அட்டை என்றால், ஜூனில் தேதி விழுந்த ஷெட்யூல்கள் அனைத்தையும் முதலில் எழுதிவிட்டு, பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே பொருந்தும் டி.சி.களைத் தேடிச் சேர்க்க வேண்டும். எதிரே ஒன்றுமே கிடைக்காத ஷெட்யூல்தான் முதலில் கவனிக்க வேண்டியது.

டி.சி. தேதி ஒன்று, கேட்டில் போட்ட இன்வர்ட் சீல் தேதி ஒன்று, சரக்கைப் பெற்றதற்கு ஸ்டோர்ஸ் போடும் ஜி.ஆர்.என். தேதி ஒன்று. எது டெலிவரி தேதி?

கேட் தேதி. மூன்று தேதிகளையும் யார் எழுதுகிறார்கள் என்று பார்த்தாலே காரணம் விளங்கும். டி.சி. தேதியை எழுதுபவர் வெண்டர். சனிக்கிழமை மாலை சலான் போட்டுவிட்டு, வண்டி கிடைக்காமல் திங்கட்கிழமை காலை சரக்கை அனுப்புவது வழக்கமாக நடக்கிறது. இதில் ஏமாற்று எண்ணம் இருக்க வேண்டியதில்லை; சலான் எழுதிய நேரத்தில் சரக்கு தயாராகவும் இருந்திருக்கலாம். ஆனால் நம் அசெம்பிளிக்குத் தேவை சலான் அல்ல, சரக்கு.

ஜி.ஆர்.என். தேதியை எழுதுவது நம் ஸ்டோர்ஸ். எண்ணிப் பார்க்க ஆள் இல்லாமலோ, இன்ஸ்பெக்ஷனில் வரிசை நீண்டோ இரண்டு மூன்று நாள் கழித்து ஜி.ஆர்.என். போடப்பட்டால், அது நம் தாமதம். அதை வெண்டரின் கணக்கில் எழுதுவது அநியாயம் மட்டுமல்ல, முதல் மாதத்திலேயே அட்டையின் மீதுள்ள நம்பிக்கையைக் கெடுத்துவிடும் செயலும் ஆகும். இஆர்பி மென்பொருளிலிருந்து அறிக்கை எடுப்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். பல இடங்களில் "ரசீது தேதி" என்ற பெயரில் வெளிவருவது ஜி.ஆர்.என். பதிவான தேதிதான். எதற்கும் பத்துப் பதிவுகளை எடுத்து, கேட் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

எண்ணிக்கைக்கு மட்டும் ஜி.ஆர்.என்.ஐ நம்பலாம். டி.சி.யில் 120 என்று எழுதி, எண்ணிப் பார்த்தபோது 118 இருந்தால், கணக்கில் ஏறுவது 118. தேதிக்குக் கேட், எண்ணிக்கைக்கு ஸ்டோர்ஸ் என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

வாக்குத் தேதி என்று எதை எடுத்துக்கொள்வது? ஆர்டரில் ஒரு தேதி இருக்கிறது. வெண்டர் போனில் அதைத் தள்ளிக்கொண்டே போகிறார்.

மதிப்பெண் முறையில் மிக எளிதாக உடைந்துபோகும் இடம் இதுதான். வெண்டர் அழைத்து, "வியாழக்கிழமை முடியாது, திங்கள் தருகிறேன்" என்கிறார். கொள்முதல் பிரிவில் இருப்பவர் அதை ஏற்று, ஷெட்யூலில் இருந்த தேதியை அழித்துத் திங்கட்கிழமையை எழுதுகிறார். சரக்கு திங்களன்று வருகிறது. கணக்கில் தாமதம் ஏதும் இல்லை. இப்படியே தொடர்ந்தால் ஆண்டு முழுவதும் எல்லா வெண்டர்களும் நூற்றுக்கு நூறு வாங்குவார்கள். அசெம்பிளி மட்டும் காத்துக்கொண்டிருக்கும்.

இதைத் தவிர்க்க ஒரே தேதிக் கட்டத்துக்குப் பதிலாக மூன்று கட்டங்கள் வேண்டும். முதலாவது, வெண்டர் முதலில் ஒப்புக்கொண்ட தேதி. அதை ஒருமுறை எழுதிய பின் யாரும் தொடக் கூடாது. இரண்டாவது, கணக்குத் தேதி. தொடக்கத்தில் இது முதல் தேதியேதான். நம் பக்கத்துக் காரணத்தால் மட்டுமே, அதற்கான தாள் சான்றோடு மட்டுமே, மாறும். மூன்றாவது, இப்போது எதிர்பார்க்கும் தேதி. வெண்டர் போனில் சொல்வது இந்தக் கட்டத்துக்குப் போகும். உற்பத்தித் திட்டம் போடுபவருக்கு அது மிகவும் பயன்படும். மதிப்பெண்ணை அது தொடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆர்டரில் நாமே அச்சடித்து அனுப்பிய தேதி, வெண்டர் ஒப்புக்கொள்ளாத வரை வாக்கு ஆகாது. பத்து வேலைநாள் தேவைப்படும் வேலைக்கு நான்கு நாள் கொடுத்துவிட்டு, தவறிவிட்டார் என்று மதிப்பெண் குறைப்பது யாருக்கும் உதவாது. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வரி ஒப்புதல் போதும். ஆனால் அது இருக்க வேண்டும். ஒப்புதலும் இல்லாமல் மறுப்பும் இல்லாமல் இரண்டு வேலைநாள் கடந்தால் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும் என்று முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவைப்பது நல்லது.

வார்ப்பை நாங்களே தாமதமாக அனுப்பியிருந்தால்?

கணக்குத் தேதி நகர வேண்டும், எத்தனை வேலைநாள் நாம் தாமதித்தோமோ அத்தனை வேலைநாள் மட்டும். ஒரு எடுத்துக்காட்டு: 150 பேரிங் ஹவுசிங் 19 ஜூன் 2025, வியாழக்கிழமைக்குள் வர வேண்டும் என்று ஒப்புதல். அதற்காக வார்ப்புகளை 11ஆம் தேதி அனுப்புவதாக நாம் சொல்லியிருந்தோம். ஆனால் அவை பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தது 16ஆம் தேதி. இடையில் 15ஆம் தேதி ஞாயிறு. ஆக நம் தாமதம் 12, 13, 14, 16 என நான்கு வேலைநாள். 19ஆம் தேதியிலிருந்து நான்கு வேலைநாள் தள்ளினால், 22ஆம் தேதி ஞாயிறு நீங்கலாக, கணக்குத் தேதி 24 ஆகிறது.

இதற்குச் சான்று, நாம் அனுப்பிய சலானில் வெண்டர் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டு எழுதிய தேதி. ஜிஎஸ்டி விதி 55இன்படி டெலிவரி சலான் மூன்று பிரதிகளாக எழுதப்படுகிறது: அசல் சரக்கைப் பெறுபவருக்கு, இரண்டாவது கொண்டுசெல்பவருக்கு, மூன்றாவது அனுப்புபவருக்கு. வண்டிக்காரர் கொண்டுவரும் பிரதியிலோ நம் பிரதியிலோ பெற்ற தேதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் பழக்கம் இல்லாத தொழிற்சாலையில் இந்தக் கணக்கு வெறும் வாக்குவாதமாகிவிடும். டிராயிங் மாற்றம், கேஜ் அல்லது ஃபிக்ஸ்ச்சர் நம்மிடமிருந்து தாமதமாகப் போவது, முதல் மாதிரிக்கு ஒப்புதல் தராமல் வைத்திருப்பது ஆகியவற்றுக்கும் இதே முறைதான்.

200 கேட்டோம், சொன்ன தேதியில் 120, நான்கு நாள் கழித்து 80 வந்தது. இது சரியா, தவறா?

இரண்டுமே என்பதால்தான் அட்டையில் இரண்டு எண்கள் இருக்க வேண்டும் என்று கருதுகிறேன். முதல் எண் கண்டிப்பானது: கணக்குத் தேதிக்குள் முழு எண்ணிக்கையும் வந்த ஷெட்யூல்கள் எத்தனை விழுக்காடு? இதில் 199 வந்தாலும் தோல்விதான். உற்பத்தித் திட்டத்துக்கு இந்த எண் வேண்டும்; முழுதாக வராத எதையும் நம்பித் திட்டம் போட முடியாது.

ஆனால் இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்தால், 120 கொண்டுவந்து அசெம்பிளியை ஓடவைத்தவரும் ஒன்றுமே கொண்டுவராதவரும் ஒரே தட்டில் நிற்பார்கள். தேதி தவறிவிட்டது என்று தெரிந்ததும், இனி எப்போது அனுப்பினாலும் ஒன்றுதானே என்ற மனநிலையும் வரும். எனவே இரண்டாவது எண், மதிப்பெண். கணக்குத் தேதிக்குள் வந்த எண்ணிக்கைக்கு முழு மதிப்பு. அடுத்த மூன்று வேலைநாளுக்குள் வந்ததற்குப் பாதி மதிப்பு. அதற்குப் பின் வந்ததற்கு ஒன்றும் இல்லை. மேலே சொன்ன ஷெட்யூலில் 120க்கு முழுதும், இடையில் ஒரு ஞாயிறு இருப்பதால் மூன்று வேலைநாளுக்குள் வந்த 80க்குப் பாதியாக 40உம் சேர்ந்து 160. இருநூறுக்கு 160 என்றால் மதிப்பெண் 80.

மூன்று நாள் என்பது எல்லோருக்கும் பொருந்தும் விதி அன்று. உங்கள் அசெம்பிளிக்கு முன் எத்தனை நாள் இருப்பு வைத்திருக்கிறீர்களோ, அதற்கு மேல் போகாத ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இருப்பே இல்லாமல் ஓடும் பொருளுக்கு ஒரு நாள்கூட அதிகம். எதுவானாலும் ஆண்டின் நடுவில் மாற்றாதீர்கள்.

மெஷினிங் செய்யும்போது வார்ப்பில் புளோ ஹோல் வெளிப்பட்டால் அந்தத் துண்டுகள் குறைவாக வரும். அதற்கும் வெண்டருக்கு மதிப்பெண் குறையுமா?

குறையக் கூடாது. வார்ப்பின் உள்ளே இருக்கும் காற்றுக் குழி, மேற்பரப்பைச் சீவிய பின்புதான் கண்ணில் படும். அது வார்ப்பகத்தின் குறை, கடைசல் பட்டறையின் குறை அல்ல. 200 கேசிங் போய், 188 நல்லதாகவும் 12 புளோ ஹோலோடும் திரும்பினால், அந்தப் பன்னிரண்டும் டி.சி.யில் தனி இனமாக எழுதப்பட்டு, நம் இன்ஸ்பெக்ஷன் அதை வார்ப்புக் குறை என்று உறுதிசெய்தால், ஷெட்யூல் முழுமையாக நிறைவேறியதாகவே கொள்ள வேண்டும். துண்டுகளைத் திருப்பிக் கொடுக்காமல் வாய்ச்சொல்லில் "பன்னிரண்டு போய்விட்டது" என்றால் அது பாக்கிதான்.

பட்டறையின் தவறால், அளவு மீறிக் கடைந்து கழிவானவற்றுக்கு வேறு வழி. அவை டெலிவரிக் கணக்கில் வந்ததாகவே நிற்கட்டும். தரத்துக்கான கட்டத்தில் குறையட்டும். மாற்றுத் துண்டுகளுக்குப் புதிய வாக்குத் தேதியோடு புதிய ஷெட்யூல் திறக்க வேண்டும். ஒரே தவறுக்கு இரண்டு இடத்தில் மதிப்பெண் குறைத்தால், அட்டையைப் படிப்பவருக்கு உண்மையில் நடந்தது தாமதமா தரக்கேடா என்பது தெரியாமல் போகும்.

ஒரு வெண்டருக்கு ஒரு மாதத்தை முழுதாகப் போட்டுக் காட்டுங்களேன்.

ஜூன் 2025ஐ எடுத்துக்கொள்வோம். ஞாயிறு விடுமுறை, மற்ற ஆறு நாளும் வேலைநாள். எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. அந்த மாதத்தில் தேதி விழுந்த ஷெட்யூல்கள் ஆறு.

| ஷெட்யூல் | பொருள், எண்ணிக்கை | கணக்குத் தேதி | டி.சி. தேதி | கேட்டில் வந்தது | மதிப்பெண் |
|---|---|---|---|---|---|
| 1 | கேசிங் 200 | 5 ஜூன் | 4 ஜூன் | 5 ஜூன்: 200 | 100 |
| 2 | கேசிங் 200 | 12 ஜூன் | 12, 14 ஜூன் | 12 ஜூன்: 120, 16 ஜூன்: 80 | 80 |
| 3 | இம்பெல்லர் 300 | 14 ஜூன் | 14 ஜூன் | 16 ஜூன்: 300 | 50 |
| 4 | பேரிங் ஹவுசிங் 150 | 24 ஜூன் (முதலில் 19) | 24 ஜூன் | 24 ஜூன்: 150 | 100 |
| 5 | கேசிங் 200 | 21 ஜூன் | 20 ஜூன் | 20 ஜூன்: 188 + வார்ப்புக் குறை 12 | 100 |
| 6 | இம்பெல்லர் 250 | 27 ஜூன் | 3 ஜூலை | 3 ஜூலை: 250 | 0 |

முதலில், டி.சி. கோப்பை மட்டும் வைத்து எண்ணுபவருக்கு என்ன கிடைக்கும் என்று பாருங்கள். ஜூனில் வந்த சலான்கள் ஆறு. மூன்றாவது ஷெட்யூலின் சலானில் 14ஆம் தேதி இருப்பதால் அது சரியான நேரம் என்று எண்ணப்படும். இரண்டாவது ஷெட்யூலின் பிற்பாதிச் சலான் மட்டுமே தாமதம். ஆறாவது ஷெட்யூல் ஜூலையில் வந்ததால் கண்ணிலேயே படாது. ஆறில் ஐந்து, அதாவது 83 விழுக்காடு. நல்ல வெண்டர் என்று தோன்றும்.

ஷெட்யூலிலிருந்து தொடங்கினால் 1, 4, 5 ஆகிய மூன்றுதான் தேதிக்குள் முழுமையாக வந்தவை: ஆறில் மூன்று, 50 விழுக்காடு. மதிப்பெண்களைக் கூட்டினால் 430. ஆறால் வகுத்தால் ஏறக்குறைய 72. தாள்கள் அதேதான், 83 என்ற எண் மறைத்தது, இம்பெல்லர் இரண்டு முறையும் தவறியது என்பதை. கேசிங்கில் இவர் பெரும்பாலும் நம்பத்தக்கவர்; இம்பெல்லரில்தான் சிக்கல். இம்பெல்லருக்கு என்று ஒரே ஒரு மெஷினில்தான் வேலை ஓடுகிறதா, மேண்ட்ரல் ஒன்றுதான் இருக்கிறதா என்று அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இப்போதுதான் பிறக்கிறது.

எண்ணிக்கையின் எடையைப் பார்க்காமல் ஆறு ஷெட்யூல்களையும் சமமாகக் கூட்டியிருப்பது வேண்டுமென்றே செய்தது. 20 பேரிங் ஹவுசிங் வராவிட்டாலும் 20 பம்ப் நிற்கும். பெரிய எண்ணிக்கை கொண்ட ஒரு பொருள் சரியாக வந்தால் சிறிய பொருள்களின் தாமதம் அதற்குள் கரைந்துவிடக் கூடாது.

இன்னொன்று, இந்த அட்டையை ஜூன் 30 அன்று மூட முடியாது. ஜூன் 30ஆம் தேதிக்கான ஷெட்யூல் ஏதாவது இருந்தால், அதன் பாதி மதிப்புக்கான மூன்று வேலைநாள் ஜூலை 3 வரை நீளும். ஆகவே நான்காவது வேலைநாளான ஜூலை 4 அன்று மூடினால், எந்த ஷெட்யூலும் பாதியில் தொங்காது.

எக்செல்லில் இதை எப்படி அமைப்பது?

இரண்டு தாள்கள் போதும். `Lines` என்ற தாளில் ஒவ்வொரு ஷெட்யூலுக்கும் ஒரு வரிசை: A ஷெட்யூல் எண், B வெண்டர், C பொருள், D எண்ணிக்கை, E முதல் வாக்குத் தேதி, F கணக்குத் தேதி. `Receipts` தாளில் ஒவ்வொரு வரவுக்கும் ஒரு வரிசை: A கேட் தேதி, B டி.சி. எண், C டி.சி. தேதி, D எந்த ஷெட்யூல் எண்ணுக்கு, E உறுதியான வார்ப்புக் குறைத் துண்டுகளையும் சேர்த்த எண்ணிக்கை. ஒரே சலானில் இரண்டு ஷெட்யூல்களின் சரக்கு வந்தால் இரண்டு வரிசைகள். பிறகு `Lines` தாளில் G கட்டம் தேதிக்குள் வந்தது, H கட்டம் அடுத்த மூன்று வேலைநாளில் வந்தது, I கட்டம் மதிப்பெண்:

```
G2: =SUMIFS(Receipts!E:E,Receipts!D:D,A2,Receipts!A:A,"<="&F2)
H2: =SUMIFS(Receipts!E:E,Receipts!D:D,A2,Receipts!A:A,">"&F2,
     Receipts!A:A,"<="&WORKDAY.INTL(F2,3,11))
I2: =100*(MIN(G2,D2)+MIN(H2,MAX(D2-G2,0))/2)/D2
J2: =IF(G2>=D2,1,0)
```

`WORKDAY.INTL` சூத்திரத்தில் உள்ள 11, ஞாயிறு மட்டும் விடுமுறை என்பதைக் குறிக்கிறது. பொங்கல், ஆயுத பூஜை போன்ற விடுமுறைகளை ஒரு பட்டியலாக எழுதி, நான்காவது மதிப்பாகக் கொடுக்கலாம். J கட்டம் முழுமையாக வந்ததா இல்லையா என்பது. மாதத்தின் முதல் தேதியை B1 கட்டத்திலும் வெண்டர் பெயரை A2 கட்டத்திலும் வைத்த அட்டைத் தாளில், இந்தச் சூத்திரம் சராசரியைத் தரும். இதிலேயே I என்ற இடத்தில் J என்று மாற்றினால் முழுமையாக வந்தவற்றின் பங்கு கிடைக்கும்:

```
=AVERAGEIFS(Lines!I:I,Lines!B:B,A2,Lines!F:F,">="&$B$1,
  Lines!F:F,"<="&EOMONTH($B$1,0))
```

சூத்திரம் சரியாக இருந்தும் விடை தவறுவது பெரும்பாலும் தேதிகளால்தான். கேட் மென்பொருளிலிருந்து எடுத்த தேதியோடு நேரமும் ஒட்டிக்கொண்டிருந்தால், 12ஆம் தேதி பிற்பகல் 2.30க்கு வந்தது 12ஆம் தேதியைவிடப் பெரியதாகிவிடும். உரிய நாளில் வந்த சரக்கு தாமதமாகக் காட்டப்படும். `INT` கொண்டு நேரத்தை நீக்கிவிடுங்கள். மற்றொன்று, நாளும் மாதமும் இடம் மாறுவது. கணினியின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் 05/06/2025 என்பது மே 6 ஆகிவிடும். 12ஆம் தேதிக்கு மேற்பட்டவை தேதியாகவே ஏறாமல் இடப்பக்கம் ஒட்டி நிற்கும் என்பதால் கண்ணில் படும். 12 வரை உள்ளவை சத்தமில்லாமல் மாறும். மாதத்தின் முதல் பன்னிரண்டு நாள் வரவுகள் மட்டும் விந்தையாகத் தெரிந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

டி.சி.யில் எந்த ஆர்டருக்கு என்று எழுதாமலே அனுப்புகிறார்கள். எந்த ஷெட்யூலில் கழிப்பது?

எழுதியிருந்தால் எழுதியபடி, எழுதாவிட்டால் அதே பொருளுக்கு நிற்கும் ஷெட்யூல்களில் மிகப் பழையதில். இந்த விதியை வெண்டர்களுக்கு முன்பே தெரிவித்துவிட்டால், எண்ணை எழுதும் பழக்கம் தானாக வரும். நாம் அனுப்பிய சலானின் எண்ணையும் திரும்பும் சலானில் எழுதக் கேளுங்கள். ஜாப் ஒர்க்குக்குப் போன உள்ளீட்டுப் பொருள் ஓர் ஆண்டுக்குள் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்பனையானதாகக் கருதப்படும் என்பது மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவு. எந்தச் சலானின் சரக்கு எவ்வளவு பாக்கி என்று தெரிந்துகொள்வதற்கும் அந்த எண்ணே உதவும்.

சிலர் ஒரு வாரம் முன்கூட்டியே கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள். கூடுதல் மதிப்பெண் கொடுக்கலாமா?

வேண்டாம். குறைக்கவும் வேண்டாம், ஆனால் குறித்துவையுங்கள். குறு, சிறு நிறுவனமாகப் பதிவுபெற்ற பட்டறைக்கு, 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ.டி. சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். முன்கூட்டியே வந்ததை ஏற்றால் அந்தக் கெடுவும் முன்கூட்டியே ஓடத் தொடங்கும். அதைவிட முக்கியமானது, ஒரு பொருளை ஒரு வாரம் முன்பே முடித்த அதே பட்டறை வேறொரு பொருளில் தாமதிக்கிறதா என்பது. அப்படியென்றால் மெஷின் நேரம் இருக்கிறது, வரிசைதான் தவறு. எளிதாகக் கடைவதை முதலில் முடிக்கிறார்கள். ஒரு தொலைபேசி உரையாடலில் தீர்ந்துவிடக்கூடிய சிக்கல் அது.

மாதத்துக்கு இரண்டே ஷெட்யூல் உள்ள வெண்டருக்கும் இதே அட்டையா?

அட்டை அதே, படிக்கும் முறை வேறு. இரண்டில் ஒன்று தவறினால் 50, அடுத்த மாதம் 100 என்று எண் துள்ளும். அதில் பொருள் ஒன்றும் இல்லை. மூன்று மாத ஷெட்யூல்களைச் சேர்த்துக் கணக்கிட்ட எண்ணைப் பக்கத்தில் வையுங்கள். எத்தனை ஷெட்யூல் என்பதையும் எழுதுங்கள். இருபது ஷெட்யூல் செய்தவரையும் இரண்டு செய்தவரையும் ஒரே தரவரிசையில் நிறுத்த வேண்டாம்.

அட்டையை அனுப்பினால் வெண்டர் சண்டைக்கு வருகிறார். என்ன செய்வது?

எண்ணை மட்டும் அனுப்பினால் அப்படித்தான் நடக்கும். 72 என்ற ஓர் எண்ணோடு விவாதிக்க முடியாது. மேலே உள்ள ஆறு வரிசைகளோடு விவாதிக்க முடியும். ஷெட்யூல் பட்டியலை முதலில் அனுப்புங்கள், மதிப்பெண் இல்லாமலே. தேதி, எண்ணிக்கை தவறென்றால் இரண்டு நாளுக்குள், சீல் போட்ட சலானோடு தெரிவிக்கச் சொல்லுங்கள். தாளைக் காட்டினால் திருத்துங்கள், தயங்க வேண்டாம். நம் கேட்டில் சீல் போட விட்டுப்போன சலான் உண்மையிலேயே இருக்கும். தாள் இல்லாத விளக்கத்தைக் குறிப்புக் கட்டத்தில் எழுதுங்கள், எண்ணை மாற்ற வேண்டாம். மின்தடை, ஆபரேட்டர் வராதது போன்ற காரணங்கள் உண்மையாக இருக்கலாம். ஆனால் அட்டை சரக்கு வந்ததா என்பதைத்தான் அளக்கிறது, அவருடைய நேர்மையை அல்ல. இதை அவரிடம் நேரில் ஒருமுறை சொல்வது பயன் தரும்.

நான்கு மாதமாக மதிப்பெண் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆனாலும் அசெம்பிளியில் பற்றாக்குறை குறையவில்லையே?

வாக்குத் தேதிகள் தள்ளிப்போகின்றனவா என்று பாருங்கள். மதிப்பெண் எண்ணப்படுகிறது என்று தெரிந்ததும், ஏழு நாளில் முடிகிற வேலைக்கு வெண்டர் பன்னிரண்டு நாள் கேட்பார்; கேட்ட நாளுக்குள் கொடுத்தும்விடுவார். இந்த அட்டை அவர் சொன்னதைச் செய்தாரா என்பதை மட்டும் அளக்கிறது. அவர் சொன்னது நமக்குப் போதுமா என்பதை அளக்காது. இது இந்த முறையின் உண்மையான எல்லை.

கண்டுபிடிக்க ஒரு கட்டம் கூடுதலாகப் போதும்: வார்ப்பு பட்டறைக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து வாக்குத் தேதி வரை எத்தனை வேலைநாள் என்பதைப் பொருள்வாரியாகக் கணக்கிட்டு, அதன் மாதச் சராசரியை மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். கேசிங்குக்கு மார்ச்சில் 7 நாள், ஜூனில் 11 நாள் என்று அது ஏறியிருந்தால், மதிப்பெண்ணின் உயர்வுக்குக் காரணம் அதுதான். அப்போது பேச வேண்டியது மதிப்பெண்ணைப் பற்றி அல்ல. ஒரு துண்டுக்கு எத்தனை நிமிடம், ஒரு ஷிப்டில் எத்தனை துண்டு, நம் வேலைக்கு எத்தனை ஷிப்ட் ஒதுக்குகிறார் என்று பட்டறையிலேயே உட்கார்ந்து கணக்கிட்டு, அந்தப் பொருளுக்கு இருவரும் ஏற்கும் நாள் கணக்கு ஒன்றை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பின் அதைவிட நீளமான வாக்குத் தேதி வந்தால், ஒப்புதலை வாங்கும் நேரத்திலேயே, காரணம் என்ன என்று கேட்டுவிடலாம்.